ஒரே பொருளுக்குக் கார்டில் இரண்டு தடவை பணம் போய்விட்டால்: சார்ஜ்பேக் கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கு கேரளத்தில் இருக்கும், கடைகண்ணி பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருக்கும். கார்டில் பணம் இரட்டையாகப் போனால் எந்தப் பக்கம் போய் நிற்பது என்ற குழப்பம் அதனாலேயே கொஞ்சம் கூடுதல். கடைக்குப் போன பணத்தை உங்கள் வங்கி மூலமாகத் திரும்பக் கேட்பதுதான் சார்ஜ்பேக். அதில் அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம். கொழிஞ்சாம்பாறை ஆசிரியை ஒருவர் மார்ச் 3 அன்று பொள்ளாச்சிக் கடை ஒன்றில் 18,450 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்குகிறார். டெபிட் கார்டைச் செருகி பின் நம்பர் போட்டதும் ஸ்வைப் மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "போகலைங்க, இன்னொரு தடவை போடுங்க" என்கிறார் கடைக்காரர். இரண்டாவது தடவை ஸ்லிப் வருகிறது. பஸ் கோபாலபுரம் தாண்டும்போது போனைப் பார்த்தால் 18,450 இரண்டு தடவை கழிந்திருக்கிறது.

இரண்டு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. உடனே சார்ஜ்பேக் போடட்டுமா?

பொறுங்கள். இரண்டு எஸ்.எம்.எஸ். வந்தது என்றால் உங்கள் வங்கி இரண்டு தடவை சம்மதம் சொல்லியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். இரண்டு தொகையும் கடைக்காரரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. மேற்கொண்டு என்ன செய்வது என்பது அதற்கான பதிலைப் பொறுத்தது.

முதல் வகையில், வங்கி சம்மதம் சொல்லிப் பணத்தைக் கழித்துவிட்டது, ஆனால் அந்தப் பதில் கடையின் மெஷினுக்கு வந்து சேரவில்லை. லைன் அறுந்துவிட்டது. ஸ்லிப் வரவில்லை, கடையின் கணக்கிலும் அந்த விற்பனை இல்லை. பணம் நடுவழியில் நிற்கிறது. இதற்கு சார்ஜ்பேக் தேவையில்லை, வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும்.

இரண்டாம் வகையில், இரண்டு விற்பனையும் மெஷினில் பதிவாகி, ராத்திரி செட்டில்மென்டில், அதாவது அன்றைய விற்பனைக் கணக்கை முடித்து அனுப்பும்போது, இரண்டும் கடைக்காரரின் வங்கிக்குப் போய்விட்டன. பணம் கடைக்காரரிடம் இருக்கிறது. அவராகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சார்ஜ்பேக் வழியாக வாங்க வேண்டும்.

எந்த வகை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்காரரிடமே கேளுங்கள். பெரும்பாலான ஸ்வைப் மெஷின்களில் அன்றைய விற்பனைப் பட்டியலை அச்சடித்துப் பார்க்கலாம். அதில் 18,450 ஒரு தடவை இருந்தால் முதல் வகை, இரண்டு தடவை இருந்தால் இரண்டாம் வகை. அந்தப் பட்டியலைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

அன்றைக்கே, செட்டில்மென்ட் அடிப்பதற்கு முன்னால் கேட்டால் இன்னொரு லாபம் உண்டு. இரட்டையாக விழுந்த விற்பனையைப் பெரும்பாலான மெஷின்களில் "வாய்ட்" செய்துவிடலாம். பணம் கடைக்குப் போகாமலேயே நின்றுவிடும், தகராறு என்ற பேச்சே வராது. வாய்ட் ஸ்லிப் ஒன்று வரும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் ரீஃபண்ட்தான், அது கணக்குக்கு வந்து சேரச் சில வேலை நாட்கள் ஆகும். ஆகவே எஸ்.எம்.எஸ். பார்த்தவுடன் கடைக்கு ஒரு போன் போடுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போக வேண்டியதில்லை.

போன் போடுவதற்கு முன்னால் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே கார்டை அம்மாவும் மகனும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போகும் வீடுகளில், ஒரே பெட்ரோல் பங்கில் ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு தடவை போட்டது "இரட்டை டெபிட்" புகாராக மாறிய கதைகள் நிறைய உண்டு.

கடையில் ஒரு தடவைதான் பதிவாகியிருக்கிறது என்கிறார்கள். பணம் எப்போது வரும்?

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை போட்டது. அந்த அக்டோபர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கடையில் கார்டு போட்டுப் பணம் கழிந்து ஸ்லிப் வராவிட்டாலும், ஆன்லைன் கடையில் பணம் கழிந்து ஆர்டர் உறுதியாகாவிட்டாலும், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும். நடந்த நாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அதற்கு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நடுவில் ஞாயிறு வந்தாலும் அதுவும் ஒரு நாள்தான்.

நம் ஆசிரியைக்கு மார்ச் 3 அன்று நடந்தது. மார்ச் 8 வரை வங்கிக்கு நேரம் உண்டு. அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு சேர வேண்டும். மார்ச் 14 அன்றுதான் பணம் திரும்பியது என்றால் ஆறு நாள் தாமதம், 600 ரூபாய். நீங்கள் கேட்டால்தான் தருவோம் என்று வங்கி சொல்ல முடியாது, தானாகவே தர வேண்டும் என்பதுதான் விதி. நடைமுறையில் பலருக்கு அது தானாக வருவதில்லை. அசல் தொகை வந்ததும் நஷ்டஈடு வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

இந்த 100 ரூபாய்க் கணக்கு முதல் வகைக்கு மட்டும்தான். இரண்டு விற்பனையும் கடையில் பதிவாகியிருந்தால் விதியின் கண்ணில் அவை தோல்வியடைந்த பரிவர்த்தனை அல்ல, அதற்கு இந்த நஷ்டஈடு கிடையாது. இது தெரியாமல் கிளையில் போய்ச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

கடையிலும் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது. ஆனால் "உங்க பேங்க்ல போய்க் கேளுங்க" என்று தட்டிக்கழிக்கிறார்கள். இப்போது?

இங்கேதான் சார்ஜ்பேக் வருகிறது. உங்கள் வங்கி, கார்டு நிறுவனத்தின் வலைப்பின்னல் வழியாக, அதாவது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே இவற்றில் எதுவோ அதன் வழியாக, கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியிடம் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கும். அந்த வங்கி கடைக்காரரிடம் விளக்கம் கேட்கும். அவரிடம் சரியான பதில் இல்லையென்றால் தொகை அவர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு உங்களுக்கு வரும்.

அதற்கு முன்னால் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சல் என்றால் இன்னும் நல்லது. "மார்ச் 3 அன்று பில் எண் இன்னது, 18,450 ரூபாய் இரண்டு தடவை எடுக்கப்பட்டிருக்கிறது, ஒன்றைத் திருப்பித் தரவும்" என்று இரண்டு வரி அனுப்பி நான்கைந்து நாள் காத்திருங்கள். வங்கியின் டிஸ்பியூட் படிவத்தில் "கடைக்காரரைத் தொடர்புகொண்டீர்களா" என்ற கேள்வி பெரும்பாலும் இருக்கும். சார்ஜ்பேக் வந்தால் கடைக்காரர் தொகையை இழப்பதோடு கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். அதை மரியாதையாக நினைவூட்டினால் பல கடைகளில் அங்கேயே முடிந்துவிடுகிறது.

வங்கி ஆப்பில் புகார் போடப் போனால் ஏகப்பட்ட காரணம் காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

என் அனுபவத்தில் நியாயமான புகார்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பதற்றத்தில் பலர் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்ற வரியைத் தொட்டுவிடுகிறார்கள். அது மோசடிப் புகார். தொட்டவுடன் உங்கள் கார்டு முடக்கப்படும். அடுத்து வங்கி பார்க்கப்போவது பின் நம்பர் சரியாகப் போடப்பட்டதா என்பதைத்தான். கார்டும் உங்களுடையது, பின் நம்பர் போட்டதும் நீங்கள். "பரிவர்த்தனை வாடிக்கையாளரால் செய்யப்பட்டது" என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வது அந்தக் கேள்விக்குச் சரியான பதிலும்கூட.

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது "இரண்டு தடவை கழிக்கப்பட்டது" என்ற வகை. ஆப்பில் `Duplicate` என்ற சொல்லோடு இருக்கும். விசாவின் விதிகளில் இதற்கு 12.6.1 என்று தனி எண்ணே உண்டு. மாஸ்டர்கார்டில் 4834 என்ற தலைப்புக்குள் வரும். இந்த எண்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை, ஆனால் கிளையில் இருப்பவர் குழம்பினால் சொல்லிப் பாருங்கள்.

விளக்கம் எழுதும் இடத்தில் நீட்டி முழக்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "மார்ச் 3 அன்று இந்தக் கடையில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். பில் ஒன்றுதான், தொகை 18,450. இரண்டு டெபிட்டும் என் கார்டில் நான் போட்டதால் வந்தவையே. முதல் முறை ஸ்லிப் வராததால் கடைக்காரர் சொல்லி மறுபடி போட்டேன். இரண்டில் ஒன்று சரியானது, மற்றது கூடுதல். கூடுதலான தொகையைத் திருப்பித் தரவும்." இதில் எது சரியான டெபிட், எது கூடுதல் என்பதைக் குறிப்பு எண்ணோடு சொல்லிவிடுங்கள். கையில் ஸ்லிப் இருப்பது சரியானது, இல்லாதது கூடுதல்.

என்னென்ன ஆதாரம் வைக்க வேண்டும்? என்னிடம் பில்லும் ஒரு ஸ்லிப்பும்தான் இருக்கிறது.

அது நல்ல தொடக்கம்தான். நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாங்கியது ஒரு தடவை. கடைக்காரர் எதிர்த்துப் பேசினால் அவர் சொல்லக்கூடியதும் ஒன்றுதான்: "இவர் இரண்டு தடவை வாங்கினார், இதோ இரண்டு பில்." அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் ஆதாரத்தை அடுக்க வேண்டும்.

பில் முதலில். அதில் பொருளின் பெயர், எண்ணிக்கை ஒன்று, தொகை எல்லாம் தெரிய வேண்டும். வாஷிங் மெஷின் மாதிரி பொருளுக்கு சீரியல் நம்பர் இருக்கும், டெலிவரி சீட்டும் வாரண்டி அட்டையும் இருக்கும். ஒரே சீரியல் நம்பர் என்றால் ஒரே மெஷின், அதற்கு மேல் பேச்சில்லை. மளிகைக்கடை பில்லில் இவ்வளவு பலம் கிடையாது. அங்கே இரண்டு டெபிட்டுக்கும் நடுவில் உள்ள நேர இடைவெளிதான் பேசும். ஒன்றரை நிமிட இடைவெளியில் ஒரே தொகைக்கு, காசு பிசகாமல், யாரும் இரண்டு தடவை சாமான் வாங்குவதில்லை.

அடுத்து ஸ்லிப். அதில் `RRN` என்று போட்டு 12 இலக்க எண் ஒன்று இருக்கும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது வேறு. `TID` என்பது அந்த மெஷினின் எண். ஸ்டேட்மென்டில் இரண்டு வரிக்கும் வெவ்வேறு குறிப்பு எண் இருந்து, ஸ்லிப்பில் உள்ள எண் ஒன்றோடு பொருந்தினால், மற்றதுதான் கூடுதல் என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆப்பில் அந்த எண் தெரியவில்லையென்றால் கிளையில் கேட்டு வாங்குங்கள். ஸ்லிப்பை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், பாலக்காட்டு வெயிலில் பர்சுக்குள் இருந்தால் சில வாரங்களில் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

இரண்டு எஸ்.எம்.எஸ்.ஸின் ஸ்கிரீன்ஷாட்டையும் நேரம் தெரியும்படி எடுங்கள். ஆனால் எஸ்.எம்.எஸ். மட்டும் போதாது. இரண்டு வரியும் பதிவான ஸ்டேட்மென்ட் பக்கம்தான் வங்கிக்கு வேண்டும். கிரெடிட் கார்டில் ஒரு தொகை சில நாள் "நிலுவை" என்று தெரிந்துவிட்டுத் தானாக மறைந்துபோவது உண்டு. அது மறையாமல் பதிவான பிறகுதான் சார்ஜ்பேக்குக்கே வேலை.

முதல் தடவை கார்டு போகவில்லை என்று ஜிபேயில் கொடுத்தேன். பிறகு பார்த்தால் கார்டிலும் கழிந்திருக்கிறது. இதுவும் அதேதானா?

கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வகை வேறு. இது "வேறு வழியில் பணம் கொடுத்தாயிற்று" என்ற புகார், விசாவில் 12.6.2. ஆப்பில் `Paid by other means` என்று தேடுங்கள். யு.பி.ஐ. ரசீதும் அதில் உள்ள 12 இலக்க எண்ணும், பணம் போய்ச் சேர்ந்தது அந்தக் கடையின் பெயருக்குத்தான் என்று தெரியும் திரையும் வேண்டும். கடைக்காரரின் மச்சான் நம்பருக்கு அனுப்பியிருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பில்லில் "ரொக்கம்" என்று எழுதி வாங்கியிருந்தால்தான் பிழைத்தீர்கள்.

எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்?

இதில் பல கெடுக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன, எது முதலில் முடிகிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். விசா விதியில், இரட்டைக் கழிவுக்கு உங்கள் வங்கி சார்ஜ்பேக் எழுப்ப 120 நாள் உண்டு, பரிவர்த்தனை செட்டில் ஆன தேதியிலிருந்து. நம் ஆசிரியையின் பரிவர்த்தனை மார்ச் 4 அன்று செட்டில் ஆனது என்றால் ஜூலை 2 வரை. மற்ற வலைப்பின்னல்களுக்கு அவற்றின் சொந்தக் கெடு.

ஆனால் அந்த 120 நாள் வங்கிக்கான கெடு, உங்களுக்கானது அல்ல. உங்கள் புகாரைப் படித்து, ஆதாரம் சரிபார்த்து, எழுப்புவதற்கு வங்கிக்கு நேரம் வேண்டும். அதனால் வங்கிகள் தங்கள் கார்டு நிபந்தனைகளில் இதைவிடக் குறைந்த நாள்தான் வைத்திருக்கும். ஜூன் கடைசியில் போய் நின்றால் "நேரம் போதாது" என்று கையை விரிப்பார்கள். ஆறாவது நாள் பணம் திரும்பவில்லையா, அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். எப்படியும் ஒரு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். கடைக்காரர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுப்பதை நம்பிக் காத்திருப்பதில்தான் பலருக்குக் கெடு போகிறது. அவர் பேசட்டும், நீங்கள் புகாரையும் போட்டு வையுங்கள்.

புகார் எண் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். வாய்மொழிப் புகாருக்குத் தேதி கிடையாது.

கிரெடிட் கார்டு. பில் கட்ட வேண்டிய தேதி வந்துவிட்டது. கூடுதலாகப் போட்ட தொகையையும் கட்ட வேண்டுமா?

முதலில் வங்கியிடம், தகராறில் உள்ள தொகையை நிறுத்திவைத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில வங்கிகள் தற்காலிகமாக வரவு வைக்கும். வைத்திருந்தால் மீதியை மட்டும் கட்டினால் போதும். வைக்கவில்லையென்றால், கையில் பணம் இருக்கும் பட்சத்தில் முழுவதையும் கட்டிவிடுவதுதான் நல்லது என்பேன். குறைத்துக் கட்டினால் அந்தத் தொகைக்கு மட்டுமல்ல, புதிதாக வாங்கியவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். கட்டிய தொகை பிறகு வரவாகத் திரும்பி வரும்.

பில்லைத் தகராறு செய்தால் 30 நாளுக்குள் விளக்கமும் தேவைப்பட்டால் ஆவண ஆதாரமும் தர வேண்டும் என்று கிரெடிட் கார்டு வழங்குவோருக்கு ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் சொல்கின்றன.

தற்காலிகமாக வந்த பணத்தை இப்போது திரும்ப எடுத்துவிட்டார்கள். தோற்றுவிட்டேனா?

இன்னும் இல்லை. கடைக்காரர் பதில் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் என்ன ஆவணம் கொடுத்தார் என்று வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே பில்லை இரண்டு தடவை இணைத்திருக்கலாம். உங்கள் கையெழுத்து இல்லாத ஸ்லிப்பை வைத்திருக்கலாம். அன்றைக்கே வேறொருவருக்கு விற்ற பில்லைக்கூட வைத்திருக்கலாம். அதில் சீரியல் நம்பரையும், பில் எண்ணையும், வாங்கியவர் பெயரையும் பாருங்கள். முரண் இருந்தால் வங்கி சொல்லும் தேதிக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த சுற்றுக்கு எடுத்துச்செல்ல வங்கிக்கு வழி உண்டு, ஆனால் அதற்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால்தான் தோல்வி.

வங்கி பதிலே சொல்லவில்லை. கணக்கு கேரளத்தில், கடை தமிழ்நாட்டில். யாரிடம் போவது?

வங்கிமேல் குறை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் போகலாம். அதற்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2021 நவம்பரில் திட்டம் மாறியதிலிருந்து எந்த மாநிலக் குறைதீர்ப்பாளர் என்ற கேள்வியே இல்லை. நாடு முழுவதற்கும் `cms.rbi.org.in` என்ற ஒரே இடம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் விவரம் கேட்கலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் தேதியும் அங்கே வேண்டும்.

அவர் விசாரிப்பது வங்கியின் சேவைக் குறையை மட்டும்தான், கடைக்காரரை அல்ல. கடைக்காரர்மேல் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை பொள்ளாச்சியில் இருந்தாலும் பாலக்காட்டில் கொடுத்தால் செல்லும். அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.

சார்ஜ்பேக்கும் வந்துவிட்டது, கடைக்காரரும் ரீஃபண்ட் போட்டுவிட்டார். 18,450 கூடுதலாக இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கடைக்காரர் தன் ரீஃபண்ட் சீட்டை அவருடைய வங்கியில் காட்டிய அன்றே சார்ஜ்பேக் தலைகீழாகத் திரும்பும். சில வாரம் கழித்து உங்கள் கணக்கில் சொல்லாமல் கொள்ளாமல் 18,450 கழியும், அன்றைக்குக் கணக்கில் அவ்வளவு இல்லையென்றால் வேறு தொல்லை. நீங்களாகவே வங்கிக்கு எழுதி, இரண்டு வரவில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் புகாரை மூடச் சொல்லுங்கள். கடைக்காரர் கையில் ரொக்கமாகத் தருவதாகச் சொன்னாலும் முதலில் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள், அந்த நகலை அவரிடம் காட்டிவிட்டுப் பணத்தை வாங்குங்கள்.